கலைச்சொல் வேண்டுகோள்: group, component — திங்கள் வகுப்புக்குள்

ஆசிரியை, கொருக்குப்பேட்டை
எங்கள் மாலை வகுப்பில் SketchUp என்ற முப்பரிமாண வரைவு மென்பொருள் பாடம் நடக்கிறது. திங்களன்று குறிப்புத்தாள் அச்சுக்குப் போகணும். group-க்கு 'குழு' என்று போட்டுவிட்டேன். component-க்குத்தான் சொல் அகப்படவில்லை. பாடம் இதுதான்: வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு மாதிரி நாலு மாடி, மாடிக்கு ஆறு ஜன்னல். ஒரு மாணவன் ஜன்னலைக் குழுவாக்கி 24 இடத்தில் வைத்தான். பிறகு ஒன்றைத் திறந்து, மேலே இருக்கும் சன்ஷேடை Push/Pull-ஆல் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடியாக இழுத்தான். அந்த ஒன்று மட்டும் நீண்டது, மீதி 23 அப்படியே. Make Component கொடுத்திருந்தால் எல்லாமே நீண்டிருக்கும். இந்த வேறுபாடு பெயரிலேயே தெரியணும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்
'உறுப்பு' இருக்கையில் வேறு எதற்கு அம்மா? தொல்காப்பியர் செய்யுளுக்கு 34 உறுப்பு சொன்னார். உறு என்றால் பொருந்து, பொருந்தி நிற்பது உறுப்பு. உங்கள் ஜன்னலும் சுவரில் பொருந்தித்தானே நிற்கிறது? தவிர 'ஜன்னல்' போர்த்துகீசியர் விட்டுப்போனது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காலதர் என்று எழுதுங்கள்.

வரைவாளர், திருவொற்றியூர்
ஐயா, மன்னிக்கணும். மாத்திரை, அசை, சீர் என்று அந்த 34-ம் ஒன்றுக்கொன்று வேறு. இங்கே 24-ம் ஒன்றே. 'அச்சு' என்று வையுங்கள். அச்சில் வார்த்தாற்போல என்று நம் வீடுகளில் சொல்வதுதான்.

கல்லூரி மாணவர், ராயபுரம்
குழுவின் நகல்களும் உள்ளே ஒரே வரையறையைத்தான் பகிர்கின்றன என்று படித்தேன். அப்படியானால் வேறுபாடே இல்லையே, ஒரே சொல் போதாதா?

வரைவாளர், திருவொற்றியூர்
பாதி சரி தம்பி. நகலெடுத்துச் சும்மா விட்டால் பகிரும். ஒன்றைத் திறந்து கை வைத்த நொடியே அது தனியாகிவிடும். component தனியாகாது, நாமாக Make Unique கொடுத்தால்தான் உண்டு. அதிலும் ஒரு சூட்சுமம்: தரைத்தள ஜன்னல் ஆறையும் சேர்த்துத் தேர்ந்து கொடுத்தால், ஆறும் தங்களுக்குள் இணைந்த புது வகையாகும். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஆறும் ஆறு திசை. சந்தேகம் வந்தால் ஒன்றைத் தேர்ந்து Entity Info பாருங்கள். 24 in model என்று இருக்கவேண்டிய இடத்தில் 23 என்றால் எங்கோ ஒன்று பிரிந்திருக்கிறது.

ஆசிரியை, கொருக்குப்பேட்டை
அச்சு சிக்கலாகும் அண்ணா. திரையில் சிவப்பு, பச்சை, நீல அச்சுகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஒவ்வொரு component-க்கும் சொந்த அச்சும் உண்டு. 'அச்சின் அச்சை மாற்று' என்று நான் எப்படிப் பாடம் நடத்துவேன்? இன்னொன்று, அச்சு என்றதும் பிள்ளைகள் முதலில் வரைந்த ஜன்னலைத் தேடிப் போகிறார்கள். அப்படி ஒரு மூலம் கிடையாது. எதைத் திறந்து மாற்றினாலும் எல்லாம் மாறும். 'வார்ப்பு' எப்படி?

அலுமினிய ஜன்னல் பட்டறை, வியாசர்பாடி
பேர் எதுனா வெச்சுக்கங்க, எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. நாலடி ஜன்னலை Scale பண்ணி ரெண்டடி வென்டிலேட்டர் ஆக்கினேன். ரெண்டு இஞ்ச் சட்டம் ஒரு இஞ்ச் ஆயிடுச்சு. அந்த சைஸ் செக்‌ஷனே என்கிட்ட இல்ல. மத்த ஜன்னல் மட்டும் சரியா இருக்கு.

வரைவாளர், திருவொற்றியூர்
Scale அந்த ஒரு நகலை மட்டும்தான் நசுக்கும், உள்ளே இருக்கும் சட்டத்தையும் சேர்த்து. Reset Scale கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு Make Unique, அதன்பின் உள்ளே போய், வலதுபக்கச் சட்டத்தை மட்டும் இடமிருந்து வலமாகக் கட்டம் இழுத்துத் தேர்ந்து, Move-ஆல் இரண்டடி உள்ளே தள்ளுங்கள். மேல் சட்டத்துக்கும் அதேபோல. தடிமன் மாறாது. Make Unique-ஐ மறந்தால் 24-ம் வென்டிலேட்டராகிவிடும், ஜாக்கிரதை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்
வார்ப்பு என்பது வார்த்து முடிந்த பொருள். வார்த்த பானையைத் தட்டினால் மற்ற பானை நெளியுமா? உடலில் ஓர் உறுப்புக்கு நோவு என்றால் உடம்பு முழுக்கக் காய்கிறதே. நான் உறுப்பிலேயே நிற்கிறேன்.

கல்லூரி மாணவர், ராயபுரம்
வார்ப்புக்கு என் ஓட்டு. அப்போ Make Unique-க்கு? 'பிரி' போடலாமா?

வரைவாளர், திருவொற்றியூர்
பிரி என்பது Explode-க்கு வேண்டும். அதைக் கொடுத்தால் ஜன்னல் வெறும் கோடும் முகமுமாகச் சிதறிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆசிரியை, கொருக்குப்பேட்டை
குழு, வார்ப்பு இரண்டும் போகின்றன. Make Unique-க்கு 'தனியாக்கு' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு இரவுக்குள் யாராவது மறுத்தால் மாற்றுவேன். காலதர் இல்லை ஐயா, ஜன்னல்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெரம்பூர்
சாளரமாவது?