பெஞ்ச் பிரஸ் மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது, டிரெய்னிங் மேக்ஸ் தப்பா?

மண்டிக்காரன், காவேரிப்பட்டினம்:
ஃபைவ் த்ரீ ஒன் திட்டம் பிடித்து மூன்றாவது சுற்று, பெஞ்சில் மாட்டிக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரு ரெப் 90 கிலோ தூக்கினேன், அதையே டிரெய்னிங் மேக்ஸாக வைத்து சதவீதம் போட்டேன், சுற்றுக்கு 2.5 கிலோ ஏற்றினேன். முதல் சுற்று மூன்றாவது வாரம் 85 ஒரு ரெப் போனது. இரண்டாவது சுற்றில் 90, அதுவும் நண்பன் பாரில் விரல் வைத்திருந்தான். இப்போது மேக்ஸ் 95. முதல் வாரம் 80 கிலோ ஐந்து வர வேண்டியது மூன்றுதான் வந்தது, அடுத்த வாரம் 85 மூன்றுக்கு ஒன்று, நேற்று 90 நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஜிம்மில் சின்ன பிளேட்டே 2.5 கிலோதான், அதனால் ஐந்து ஐந்தாகத்தான் ஏற்ற முடியும். என்ன செய்யலாம்?

ஓசூர் ரோடு:
மாங்காய் சீசன்தானே நண்பா, பகலெல்லாம் கிரேட் ஏற்றிவிட்டு சாயங்காலம் பெஞ்ச் போட்டால் தோள் எங்கே ஒத்துழைக்கும்? நன்றாகத் தூங்கு, முட்டையைக் கூட்டு.

மண்டிக்காரன்:
லோடு வேலை உண்மைதான் அண்ணா. ஆனால் ஸ்குவாட் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இரும்புப்பட்டறை:
சிம்பிள். நின்றுவிட்டால் மேக்ஸில் பத்து சதவீதம் குறைக்க வேண்டும். 95-ல் பத்து போனால் 85, அங்கிருந்து தொடங்கு.

பர்கூர் பழையவர்:
குறைக்கச் சொன்னது சரி, ஆனால் எதிலிருந்து குறைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தம்பியின் 95 கணக்கில் மட்டும் ஏறிய எண், கை அதைத் தூக்கியதே இல்லை. யார் விரலும் படாமல் வந்தது 80 கிலோ மூன்று ரெப். ஃபைவ் த்ரீ ஒன்னை உருவாக்கிய ஜிம் வெண்ட்லர் கொடுத்த கணக்கு இது:

`எடை × ரெப்ஸ் × 0.0333 + எடை`

80 × 3 × 0.0333 எட்டு கிலோ வரும், கூட்ட 88. அதாவது இன்றைக்கு உன் உண்மையான ஒரு ரெப் 88-க்குப் பக்கம். மேக்ஸை 85-ல் வைத்தால் கிட்டத்தட்ட முழு பலத்திலேயே மறுபடி நிற்பாய், இரண்டு சுற்றில் இதே இழையைத் திரும்ப எழுதுவாய். தொண்ணூறு சதவீதம் எடுத்தால் 79, எண்பத்தைந்து எடுத்தால் 75. சீசனில் லோடு ஏற்றுகிறாய், 75 வை.

அது சரியா என்று பாரே சொல்லிவிடும். ஒருநாள் நன்றாக வார்ம் அப் செய்து 75-ஐ ஐந்து ரெப் தூக்கிப் பார், பின்புறம் பெஞ்சை விட்டு எழாமல், பாரை நெஞ்சில் துள்ளவிடாமல். ஐந்து வந்தால் அதுதான் உன் மேக்ஸ். மூன்றில் திணறினால் 70-க்கு இறங்கு.

அப்புறம் வாரா வாரம் ஏறும் அலை. முதல் வாரம் 65, 75, 85 சதவீதம், இரண்டாவது 70, 80, 90, மூன்றாவது 75, 85, 95. உன் பிளேட்டுக்கு எப்போதும் கீழ்ப்பக்கமே ரவுண்ட் செய். இரண்டாவது சுற்றில் 87.9 வந்ததை 90 ஆக்கியிருக்கிறாய், அங்கேயே வழுக்கிவிட்டது. 75-க்கு மூன்றாவது வாரம் 55, 60, 70. அந்த 70 ஒரு ரெப்போடு முடிகிற செட் இல்லை, ஐந்தோ ஆறோ வர வேண்டும். அடுத்த சுற்று மேக்ஸ் 77.5, ரவுண்ட் செய்தால் மறுபடியும் 70தான். எடை ஏறவில்லையே என்று பதறாதே, அந்தச் சுற்றில் ஒரு ரெப் கூட்டு. மேக்ஸ் 80 ஆனதும் 75 தானாக வரும். நோட்டில் மேக்ஸ் 2.5 ஏறட்டும், பாரில் ஐந்து ஏறட்டும்.

தருமபுரி செல்வி:
எனக்கு ஓவர்ஹெட் பிரஸ்ஸில் இதே தொல்லை. மேக்ஸே 30 கிலோ, 65 சதவீதம் என்றால் வெறும் பார், அடுத்தது 22.5, கடைசி 25.5. ஐந்து கிலோ தாவல் என்பது எனக்கு ஆறில் ஒரு பங்கு! 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையிலேயே வைத்திருக்கிறேன், அதன் பிறகுதான் நகர்ந்தது.

இரும்புப்பட்டறை:
88 கணக்கு எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 60, 70 எல்லாம் ரொம்ப லேசு, பலம் இறங்கிவிடாதா?

பர்கூர் பழையவர்:
கடைசி செட்டை முடிந்தவரை தூக்குவதால் இறங்காது. வடிவம் கெடும் முன், இன்னும் ஒன்று மிச்சம் இருக்கும்போதே பாரை வை.

மண்டிக்காரன்:
இன்று 75 போட்டேன். நான்கு சுத்தமாக வந்தது, ஐந்தாவது மெதுவாக, ஆனால் தனியாக. 75-லேயே தொடங்குகிறேன். இன்னொன்று அண்ணா, நான்காவது வாரம் 40, 50, 60 சதவீத லேசான வாரம் ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டுமா, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை போதுமா?

பர்கூர் பழையவர்:
நான் இரண்டுக்கு ஒருமுறை, ஏழாவது வாரத்தில் எடுக்கிறேன்.

ஓசூர் ரோடு:
லோடு ஏற்றுகிறவனுக்கு ஒவ்வொரு சுற்றும் வேண்டும் என்பேன். என் தோள் போனதே அதைத் தாண்டியதால்தான்.