தவறிய அழைப்புக்குத் தானியங்கிப் பதில் போகவில்லை. பதிவேட்டில் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது

கேள்வி கேட்டவர்:
வணக்கம். என்னுடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு தானியக்கச் செயலியை நிறுவி, நான் எடுக்கத் தவறும் அழைப்புகளுக்கு உடனே குறுஞ்செய்தி போகும்படி இரண்டு விதிகள் அமைத்திருக்கிறேன். ஒன்று காரின் புளூடூத் இணைந்திருக்கும்போதும், மற்றது Do Not Disturb நிலையில் இருக்கும்போதும் இயங்க வேண்டும். அந்த நிலை, நாட்காட்டியில் குறித்த கூட்டம் தொடங்கியதும் தானாக வந்துவிடுகிறது. கார் ஓட்டும்போது, விதி இயங்கியதாகச் செயலியின் பதிவேடு காட்டினாலும், பெறுநர் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, செய்தி போவதில்லை. கூட்டத்தின்போது என் தாயார் அழைத்தால், விதி இயங்கியதற்கான தடயமே பதிவேட்டில் இல்லை. நான் எடுக்காவிட்டால் அவர் மிகவும் பதறிவிடுகிறார் என்பதால், இதை எப்படியாவது சரிசெய்ய விரும்புகிறேன்.

பதில் 1:
பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கைப்பேசியே பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

பதில் 2:
மேலே நண்பர் சொன்னதைச் செய்து வைப்பது நல்லதுதான். ஆனால் கார் ஓட்டும்போது வரும் கோளாறுக்கு அது காரணமாக இருக்க முடியாது. செயலி நிறுத்தப்பட்டிருந்தால் பதிவேட்டில் எதுவுமே வந்திருக்காது. விதி இயங்கியும் எண் மட்டும் காலியாக இருப்பதால், இது அனுமதி தொடர்பான சிக்கல். ஆண்ட்ராய்டு 9 முதல், அழைப்பு வந்ததை அறிய ஓர் அனுமதியும், அழைத்தவரின் எண்ணை அறிய அழைப்புப் பதிவுகளுக்கான அனுமதியும் எனத் தனித்தனியாக இரண்டு வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால், யாரோ அழைத்தார்கள் என்பது செயலிக்குத் தெரியும், யார் என்பது தெரியாது. அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து, Permissions என்பதில் Call logs மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை மறைத்து அழைப்பவர்களுக்கு மட்டும் அதன் பிறகும் பதில் போகாது.

தாயார் விஷயத்தில் ஒரு கேள்வி: Do Not Disturb நிலையிலும் அவருடைய அழைப்பு ஒலிக்கும்படி விலக்கு அளித்திருக்கிறீர்களா? அப்படி ஒலிக்கும்போது அழைப்பைத் துண்டிக்கிறீர்களா?

பதில் 3:
என்னுடையது ஐஃபோன். Driving Focus பகுதியில் Auto-Reply என்பதை All Contacts என்று வைத்திருக்கிறேன். செய்தி அனுப்புவோருக்குப் பதில் போகிறது. அழைத்துவிட்டு வைத்துவிடுவோருக்குப் போவதில்லை. எனக்கும் இதே அனுமதிச் சிக்கல்தானா?

பதில் 2:
இல்லை. ஐஃபோனின் அந்த வசதி வந்த செய்திக்கு மட்டுமே பதில் அனுப்பும். எடுக்காத அழைப்புக்கு அனுப்பாது. அவசரம் என்றால், உங்களுக்குச் செய்தி அனுப்பியவர் urgent என்று மறுபடி அனுப்பினால், அது உங்களுக்கு அறிவிப்பாக வந்து சேரும். இதை உங்கள் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

பதில் 4:
இவ்வளவு சிரமம் எதற்கு? வாட்ஸ்அப் பிசினஸில் Away message இருக்கிறதே. கடை மூடிய நேரத்தில் வாடிக்கையாளர்களுக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. ஆனால் அது வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவோருக்கானது; என் தாயார் சாதாரண அழைப்பில்தான் கூப்பிடுவார்.

Call logs அனுமதி மறுக்கப்பட்டுத்தான் இருந்தது. அனுமதித்த பிறகு, நிறுத்திய காரில் அமர்ந்தபடி வேறொரு எண்ணிலிருந்து அழைக்கச் சொல்லிச் சோதித்தேன். அழைப்பு ஓய்ந்ததும் பதில் போய்விட்டது. நீங்கள் கேட்டதும் சரிதான்: தாயாரின் அழைப்புக்கு விலக்கு உண்டு, கூட்டத்தில் அதிர்ந்தவுடன் நான் துண்டித்துவிடுவேன்.

பதில் 2:
அதுதான் காரணம். நீங்களே துண்டிக்கும் அழைப்பு, தவறிய அழைப்பாகப் பதிவாகாமல் நிராகரித்த அழைப்பாகப் பதிவாகிறது. உங்கள் விதியோ தவறிய அழைப்பை மட்டுமே எதிர்பார்க்கிறது. துண்டிப்பதற்குப் பதிலாக ஒலியளவுப் பொத்தானை அழுத்தினால் அதிர்வும் ஒலியும் அடங்கிவிடும். அழைப்பு தானாக ஓயும்போது தவறியதாகப் பதிவாகி, விதி இயங்கும். அவ்வளவு நேரம் அவரைக் காக்க வைக்க மனமில்லை என்றால், அழைப்பு வரும் திரையிலேயே செய்தியுடன் நிராகரிக்கும் வசதி இருக்கும். அதிலுள்ள வாசகத்தை முன்கூட்டியே தாயாருக்கேற்ப மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

குறுஞ்செய்திகளுக்கும் இப்படி ஒரு விதி அமைத்தால், ஒரே எண்ணுக்கு அரை மணி நேரத்தில் ஒருமுறைக்கு மேல் பதில் போகாதபடி கட்டாயம் வரம்பு வையுங்கள். எதிர்முனையிலும் தானியங்கிப் பதில் இருந்தால், இரண்டு கைப்பேசிகளும் ஒன்றுக்கொன்று ஓயாமல் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
அந்த வரம்புடன் அமைத்துவிட்டேன். இருந்தாலும், சிலர் அனுப்பும் செய்திகளுக்கு மட்டும் பதில் போகவில்லை. அவர்களுடனான உரையாடலில் RCS என்று காட்டுகிறது.

பதில் 2:
அவை இணையம் வழியாக வருபவை என்பதால், குறுஞ்செய்தி வந்தால் இயங்கும் விதி அவற்றைக் கவனிக்காது. அறிவிப்பைப் படித்துப் பதில் எழுதும்படி வேறு விதி அமைக்கலாம். ஆனால் எல்லா அறிவிப்புகளையும் படிக்கும் உரிமையை அந்தச் செயலிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒருமுறை கடவுச்சொற்களும் அறிவிப்பாகத்தானே வருகின்றன? அதனால் நான் அதைச் செய்யவில்லை. பாதுகாப்பான வேறு வழி யாருக்காவது தெரிந்திருந்தால் இங்கே எழுதுங்கள்.