இந்த துப்பாக்கி வடிவ தெர்மாமீட்டர் உடம்புக்கானதா?

வணக்கம். அப்பாவின் அலமாரியில் வெள்ளை நிறத்தில், துப்பாக்கி மாதிரி விசையுள்ள ஒரு தெர்மாமீட்டர் கிடைத்தது. பெட்டியும் இல்லை, கையேடும் இல்லை, மாடல் எண் அழிந்துவிட்டது. படம் இணைத்திருக்கிறேன்.

நேற்று மகளுக்கு உடம்பு சுட்டது. இதை நெற்றியில் காட்டினால் 34.1 என்றது. நாக்கின் அடியில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் 38.4. இதை மட்டும் நம்பியிருந்தால் காய்ச்சலே இல்லை என்று விட்டிருப்பேன்.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, இது இயந்திரங்களின் சூட்டை அளக்கும் கருவியாக இருக்கலாம். அந்த வகையில் பெரும்பாலும் சிவப்பு லேசர் புள்ளி வரும், திரையில் ε=0.95 போல ஒரு குறி இருக்கும், கொதிக்கும் நீரைக்கூட அளக்கும். என்னுடையதில் லேசர் வரவில்லை. ஆனால் திரையின் ஓரத்தில் மங்கலாக ஏதோ ஒரு குறி தெரிகிறது, அது ε தானா என்று படிக்க முடியவில்லை.

இன்னொன்று, உடம்புக்கான கருவியே Surface நிலையில் மாட்டியிருக்கலாம். அப்படியானால் தோலின் சூட்டை அப்படியே காட்டும். Body நிலையில்தான் அதை உடல் வெப்பமாகக் கணக்கிட்டுத் தரும். பக்கவாட்டில் உள்ள சின்ன பொத்தான் அதற்கானதா?

இதே கருவி வைத்திருப்பவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை மகளுக்குப் பழைய டிஜிட்டல்தான்.