வாட்டர் ஆக்டிவிட்டிக்குத் தமிழில் என்ன?

கௌசல்யா, தஞ்சாவூர்

வணக்கம். பருவத்தேர்வு வினாத்தாளின் தமிழ்ப் பக்கம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் இடிக்கிறது. வினா இது:

"ரொட்டியில் 38 விழுக்காடு ஈரம், உப்புக் கருவாட்டில் 40 விழுக்காடு. ரொட்டியில் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கிறது. கருவாடு மாதக்கணக்கில் நிற்கிறது. 100 கிராம் கருவாட்டில் 40 கிராம் நீர், 12 கிராம் உப்பு எனில் அதன் aw-ஐக் கணக்கிட்டுக் காரணம் கூறுக."

போன முறை 'நீர்ச்செயல்பாடு' என்று போட்டோம். பாதிப் பேர் சமையலில் தண்ணீரின் பயன்களை ஒரு பக்கம் எழுதி வைத்தார்கள்.

இராமலிங்கம், கும்பகோணம்

எழுதாமல் என்ன செய்வார்கள்? செயல்பாடு என்றால் வேலைதானே. 'நீர்வினைமை' என்று வையுங்கள் அம்மா. பண்பைக் குறிக்க -மை இருக்கும்போது நமக்கு என்ன குறை? 'ஊறுகாய்' வினைத்தொகை, ஊறிய, ஊறுகிற, ஊறும் காய் எல்லாம் அதற்குள் அடக்கம். கருவாட்டிலும் 'வாடு' இருக்கிறது பாருங்கள், நீர் போனதைப் பெயரே சொல்கிறது. முன்னே நிற்கும் 'கரு' நிறமா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

முருகேசன், திருவாரூர்

ஐயா, கருவாட்டில் நீர் முழுதும் போகவில்லை என்பதுதான் வினாவே! 40 கிராம் இன்னும் இருக்கிறது. உப்பு அதைப் பிடித்து வைத்திருப்பதால் நுண்ணுயிருக்குக் கிடைப்பதில்லை.

அளப்பது நீரின் அளவையும் அல்ல. மூடிய கலத்தில் உணவுக்கு மேலே நிற்கும் நீராவியின் அழுத்தத்தை, அதே வெப்பநிலையில் தூய நீருக்கு மேலே நிற்கும் அழுத்தத்தால் வகுக்கிறோம். அதனால் 'நீராவித் தகவு' என்பேன்.

தினேஷ், மயிலாடுதுறை

சார், நான் மாணவன். போட்டுப் பார்த்தேன். நீர் 40/18 = 2.22 மோல், உப்பு 12/58.5 = 0.205 மோல். 2.22-ஐ 2.43-ஆல் வகுத்தால் 0.92 வருகிறது. பெரும்பாலான பாக்டீரியாவுக்கு 0.91 இருந்தாலே போதுமே? அப்படியென்றால் கருவாடு கெட வேண்டும். வினா தப்பா?

முருகேசன்

ரவுல்ட் விதியைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள், தம்பி. ஆனால் உப்பு கரைந்தால் சோடியம் ஒன்று, குளோரைடு ஒன்று என்று இரண்டாகப் பிரியும். 0.41 மோல் என்று வைத்துப் பாருங்கள்: 2.22/2.63 = 0.84. அந்த ஒரு படியை விட்டால் விடையே தலைகீழ். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நோய் தரும் மற்ற பாக்டீரியாவைவிட வறட்சி தாங்கும், அதுவும் 0.86-க்குக் கீழே வளராது. ரொட்டி 0.95 பக்கத்தில் இருக்கும், அதனால்தான் பூஞ்சணம் அங்கே குடியேறுகிறது.

கௌசல்யா, 'நல்லியல்புக் கரைசலாகக் கொள்க' என்று வினாவில் சேருங்கள். இவ்வளவு செறிவான உப்புநீரைக் கருவியில் அளந்தால் 0.80 சுமார்தான் காட்டும். மீன் புரதமும் கொஞ்சம் நீரைப் பிடிக்கும், அது இந்தக் கணக்கில் வரவில்லை.

செல்வி, நாகப்பட்டினம்

நான் கருவாடு வியாபாரம். கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. மாதக்கணக்கில் நிற்கும் என்கிறீர்கள், ஐப்பசி மழையில் எங்கே நிற்கிறது? உப்புப் பூத்துக் காய்ந்த சரக்கே கசிந்து, மேலே ரோஸ் நிறத்தில் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. உப்புப் பத்தவில்லையா?

முருகேசன்

உப்புக் குறைவால் இல்லை, அக்கா. உப்புப் பூத்த கருவாடு 0.75-இல் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியும். அந்த ரோஸ் நிறம் உப்பை விரும்பும் உயிரி. 0.75-க்கு மேல் கிடைத்தால் அதற்குப் போதும். பெரும்பாலும் உப்பளத்து உப்போடுதான் வருகிறது, அதனால் இன்னும் உப்பு போடுவதால் தீராது. மழைக்கு முன் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத உறையில் கட்டி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

இராமலிங்கம்

காற்றுக்கு ஈரப்பதம் உண்டென்றால் கருவாட்டுக்கு 'ஈர்மை' இருக்கக் கூடாதா?

முருகேசன்

ஐயா, ஈரத்திலிருந்து தப்பிக்கத்தானே இத்தனை பாடு.

கௌசல்யா

மூன்று பேர் தனி மடலில் 'நீராவித் தகவு' என்றார்கள். ஒருவர் ஆங்கிலச் சொல்லையே எழுத்துப் பெயர்க்கச் சொன்னார். மாணவர்கள் வகுப்பில் கேட்ட சொல் 'நீர்ச்செயல்பாடு'தான், தேர்வறையில் புதுச் சொல்லைக் கொடுத்தால் இன்னும் குழம்புவார்கள். அதையே போட்டு, பக்கத்தில் aw, கீழே அழுத்தங்களின் விகிதம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். நல்லியல்புக் கரைசலையும் சேர்த்தாயிற்று.

இராமலிங்கம்

விகிதமா? 'தகவு' என்றாவது எழுதுங்கள் அம்மா. 'கரு' பற்றிய மடல் நாளை வரும்.