அப்பாவின் குச்சியில் மட்டும் எப்போதும் நீலம்

கரிசல்காட்டுப் பையன்

அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. விரலில் ஊசி குத்துவது என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. அதனால் மருந்துக்கடையில் சிறுநீரில் நனைக்கும் குச்சி ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் நனைப்பார், டப்பாவில் ஒட்டியிருக்கும் வண்ண அட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார், டைரியில் 'நீலம்' என்று எழுதுவார். நீலம் என்றால் சர்க்கரை இல்லை. நாலு வருட டைரி முழுக்க நீலம்தான்.

போன மாதம் காலில் ஒரு புண் ஆறவில்லை என்று டாக்டரிடம் போனோம். வெறும் வயிற்றில் 162, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 248, மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்பிஏ1சி 8.6. "லேப்காரன் யாரோட ரத்தத்தையோ மாத்திட்டான்" என்றார் அப்பா. வேறு லேபில் பார்த்தோம், வெறும் வயிற்றில் 158. சரி, குச்சிதான் கெட்டுப்போயிருக்கும் என்று பக்கத்து வீட்டு மாமாவிடம் ஒன்றைக் கொடுத்தேன், அவருக்கும் சர்க்கரை உண்டு. பழுப்பாக மாறிவிட்டது. ஆக, குச்சியும் சரி, லேபும் சரி. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

எறும்புப்புற்று

எங்கள் தாத்தா காலத்தில் குச்சியும் கிடையாது, மிஷினும் கிடையாது. கொல்லையில் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை, அவ்வளவுதான். தாத்தாவுக்கு அப்படித்தான் கண்டுபிடித்தார்கள், சரியாகவும் இருந்தது. உங்கள் அப்பா விஷயத்தில் எனக்குத் தோன்றுவது, அவருடைய கிட்னி பலமாக இருக்கிறது, சர்க்கரையை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது நல்ல விஷயம்தானே தம்பி?

பழைய லேப் அக்கா

31 வருடம் லேபில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எறும்புப்புற்று அண்ணன் சொன்னதில் பாதி சரி. கிட்னி பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது சரி. அது நல்ல விஷயம் என்பதுதான் இடிக்கிறது. பிடித்து வைத்த சர்க்கரை எங்கே போகும்? திரும்ப ரத்தத்துக்குத்தான் போகும்.

ஏரிக் கலங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் மட்டத்துக்கு மேலே தண்ணீர் ஏறினால்தான் மறுகால் பாயும். வெளியே நின்று பார்ப்பவருக்கு மறுகாலில் தண்ணீர் வருகிறதா என்பது மட்டும்தான் தெரியும். வரவில்லை என்றால் ஏரி காய்ந்து கிடக்கலாம், கலங்கலுக்கு ஒரு சாண் கீழே தளும்பிக்கொண்டும் இருக்கலாம். கிட்னி ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கிறது. ரத்தச் சர்க்கரை 100 இருக்கிறவருக்கு அதில் 180 கிராம் குளுக்கோஸ் போகும். அத்தனையையும் வழியிலேயே உறிஞ்சித் திரும்ப ரத்தத்தில் விட்டுவிடும். உறிஞ்சுவதற்கு ஓர் அளவு உண்டு. பொதுவாக ரத்தத்தில் 180 வாக்கில் போனதும் கை மீறி, மிச்சம் சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும். இந்த மட்டத்தைத்தான் டாக்டர்கள் ரீனல் த்ரெஷோல்ட் என்கிறார்கள்.

இப்போது உங்கள் அப்பாவைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் நனைக்கிறார். ராத்திரி முழுக்க அவருக்கு 160 வாக்கில் இருந்திருக்கும். 180க்குக் கீழே, எனவே நீலம். அந்தக் குச்சிக்கு 90ம் ஒன்றுதான், 160ம் ஒன்றுதான். போதாததற்கு, வயதானவர்களுக்கும் ரொம்ப நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இந்தக் கலங்கல் மட்டமே உயர்ந்துவிடுவது உண்டு. 200 தாண்டியும் நீலம் காட்டும் பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. சாப்பிட்ட பிறகு ஒரு தடவை சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது பல மணி நேரத்துப் பழைய சரக்கு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அரை மணி கழித்து வருவதில் குச்சியை நனையுங்கள். அதே நேரத்தில் விரலிலும் ஒரு குத்து. நாலைந்து நாள் வேறு வேறு நேரத்தில் இப்படிப் பார்த்தால், அவருடைய கலங்கல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு பிடிபடும்.

ஓசூர் ஷிஃப்ட்காரன்

அக்கா, எனக்கு நேர் எதிர்மாறு. கம்பெனி வருடாந்தரப் பரிசோதனையில் சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ் என்று எழுதிவிட்டார்கள். அன்று காலை என் மிஷினில் ரத்தத்தில் 118தான். எச்பிஏ1சி 6.7. கிட்னி ஃபெயிலியர் ஆரம்பித்துவிட்டது என்று நெட்டில் படித்துவிட்டு இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. கலங்கல் உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய லேப் அக்கா

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

ஓசூர் ஷிஃப்ட்காரன்

மெட்ஃபார்மின். போன வருடத்திலிருந்து டாபாகிளிஃப்ளோசின் 10, காலையில் ஒன்று.

பழைய லேப் அக்கா

அங்கேதான் விஷயம். கலங்கல் உடையவில்லை, மாத்திரை அதை வேண்டுமென்றே இறக்கி வைத்திருக்கிறது. கிட்னி சர்க்கரையை உறிஞ்சும் வழியை அது அடைக்கிறது. ரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும் தினமும் 60, 70 கிராம் வரைக்கும் சிறுநீரில் போகும். அந்த மாத்திரையின் வேலையே அதுதான். நீங்கள் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு அந்த மூன்று பிளஸ் ஒரு சாட்சி, வேறொன்றும் இல்லை. எம்பாகிளிஃப்ளோசினும் இதே வகைதான். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது மருந்துச் சீட்டைக் கையில் கொண்டு போங்கள். பயத்தில் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

தேனி மருமகள்

எனக்கு ஏழாம் மாதத்தில் சிறுநீரில் இரண்டு பிளஸ் வந்தது. அத்தை அன்றைக்கே சோற்றை நிறுத்திவிட்டார்கள், இரண்டு வாரம் வெறும் கேழ்வரகுக் களிதான். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள், 112. 140க்குக் கீழே இருந்தால் சரி என்றார்கள். கர்ப்பத்தில் கிட்னி நிறைய வடிப்பதால் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இப்படிக் கசியுமாம். சோறு திரும்ப வந்தது. அந்த இரண்டு வாரக் களியை இன்னும் மறக்கவில்லை.

மதுரைக்காரி

நான் சொல்வது கொஞ்சம் பயமான விஷயம். பெரியம்மா இன்சுலின் போடுபவர். ஒரு நாள் மத்தியானம் வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி உட்கார்ந்துவிட்டார். வீட்டில் குச்சிதான் இருந்தது. நனைத்தால் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம். சர்க்கரை ஏறிவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்து, சர்பத் எடுத்து வந்த பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்லவேளை, எதிர் வீட்டில் மிஷின் இருந்தது. குத்திப் பார்த்தால் 52.

அப்புறம்தான் புரிந்தது. காலை இட்லிக்குப் பிறகு ஏறிய சர்க்கரை சிறுநீர்ப்பையில் தேங்கிக் கிடந்திருக்கிறது. அவர் காலையிலிருந்து பாத்ரூம் போகவே இல்லை. குச்சி காட்டியது காலைச் செய்தி, பெரியம்மா இருந்தது மத்தியானத்தில்.

பழைய லேப் அக்கா

இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. தாழ்சர்க்கரையைச் சிறுநீரில் கண்டுபிடிக்க வழியே கிடையாது. பழசு தேங்கியிருக்காவிட்டாலும் நீலம்தான் காட்டியிருக்கும், அந்த நீலம் 52க்கும் வரும் 120க்கும் வரும்.

எறும்புப்புற்று

அப்படியென்றால் பெனடிக்ட் கரைசலில் கொதிக்க வைத்துப் பார்ப்பது? அதில் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று அளவே தெரியுமே. அது குச்சியைவிட மேல் இல்லையா?

பழைய லேப் அக்கா

எத்தனை ஆயிரம் குழாய் கொதிக்க வைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை அண்ணே. 5 மில்லி கரைசல், 8 சொட்டு சிறுநீர், கொதிநீரில் 5 நிமிடம். நிறம் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் அது கலங்கலுக்கு வெளியே எவ்வளவு கொட்டுகிறது என்பதன் அளவு, ஏரியின் அளவு இல்லை. அதிலும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் சிவப்பு மஞ்சளாகிவிடும். வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிடுபவருக்கு இன்னொரு கூத்து. அதே சிறுநீர் பெனடிக்ட்டில் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டலாம், குச்சியில் இருக்கிற சர்க்கரையை மறைக்கலாம்.

கரிசல்காட்டுப் பையன்

அக்கா சொன்ன மாதிரியே செய்தோம். விரலில் குத்த அப்பாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆனது. பேத்தி குத்தினால் மட்டும் சரி என்றார். ஐந்து தடவை பார்த்தோம். ரத்தத்தில் 171 இருந்தபோது நீலம். 194, நீலம். 213லும் நீலம்தான். 239ல் லேசாகப் பச்சை படர்ந்தது. பொங்கலும் கேசரியும் சாப்பிட்ட அன்று 264, நல்ல பச்சை. அப்படியென்றால் அவருடைய மட்டம் 213க்கும் 239க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. நாலு வருடமாக டைரியில் எழுதிய 'நீலம்' என்பதற்கு அர்த்தம் 'காலையில் சுமார் 220க்குக் கீழே' என்பதுதான்.

பழைய லேப் அக்கா

அழகாகச் செய்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். குச்சி நிறம் மாறவே சிறுநீரில் கொஞ்சம் சர்க்கரை சேர வேண்டும், மட்டமும் ஒரே இடத்தில் நிற்காது. கிட்னியின் வடிகட்டும் வேகம் குறைந்தாலும் மாறும். கிரியேட்டினின் பார்த்தீர்களா?

கரிசல்காட்டுப் பையன்

1.3. டாக்டர் மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கலாம் என்றார்.

தேனி மருமகள்

எல்லாம் சரி, ரத்தக் குச்சி ஒன்றுக்கு ஆகிற காசு எங்கள் ஊரில் பலருக்குக் கட்டுபடியாகாது. தினமும் நாலு குத்து யாரால் முடியும்? ஒன்றுமே பார்க்காமல் இருப்பதற்குச் சிறுநீர்க் குச்சி தேவலை இல்லையா?

பழைய லேப் அக்கா

இதில் எனக்கே இரண்டு மனசு. பழுப்பு காட்டினால், சிறுநீரில் சர்க்கரை இறக்கும் மாத்திரை சாப்பிடாதவருக்கு, அது உண்மையான எச்சரிக்கைதான், உடனே ரத்தம் பார்க்கப் போகலாம். நீலம்தான் ஆளைத் தூங்க வைத்துவிடுகிறது. காசு தட்டுப்பாடு என்றால் தினமும் குச்சி வாங்குகிற பணத்தைச் சேர்த்து, வாரம் இரண்டு தடவை விரலில் குத்தி, மூன்று மாதத்துக்கு ஒரு எச்பிஏ1சி எடுப்பதுதான் என் கணக்கு. இன்சுலின் போடுபவருக்கு அது போதாது. அவர்களுக்கு என்ன வழி என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

எறும்புப்புற்று

எனக்கு 58 வயது. எங்கள் கொல்லையில் இன்றுவரை எறும்பு வந்ததில்லை. ரத்தம் கடைசியாகப் பார்த்தது மகள் கல்யாணத்துக்கு முன்னால். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

கரிசல்காட்டுப் பையன்

திங்கள்கிழமை வெறும் வயிற்றோடு போய்வாருங்கள் அண்ணே. எங்கள் வீட்டில் டைரி இன்னும் நிற்கவில்லை. அப்பா காலையில் நனைத்து 'நீலம்' என்றே எழுதுகிறார். பக்கத்தில் பேத்தி பென்சிலில் ஓர் எண்ணை எழுதிவைக்கிறாள். நேற்று 149.