டாரட் காதல் விரிப்பில் ஒரு வாண்ட்ஸ் கூட இல்லை, எப்படி வாசிப்பீர்கள்?

வணக்கம். நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சித்தி மகளுக்காக ஏழு டாரட் சீட்டுகள் விரித்தேன். டூ ஆஃப் கப்ஸ், ஃபோர் ஆஃப் கப்ஸ், நைட் ஆஃப் பென்டக்கிள்ஸ், ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ், எயிட் ஆஃப் சுவோர்ட்ஸ், ஹெர்மிட், டெம்பரன்ஸ். வாண்ட்ஸ் ஒன்றுகூட இல்லை.

வாண்ட்ஸ் நெருப்பைக் குறிக்கும் சீட்டு வகை. அதற்காக நெருப்பே இல்லை, ஆசை போய்விட்டது என்று சட்டெனச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 78 சீட்டில் வாண்ட்ஸ் 14தான். ஏழு எடுத்தால் ஏறக்குறைய நாலில் ஒரு தடவை அது வராமலே போகும். அதனால் வந்த சீட்டுகளும் அதையே சொல்கின்றனவா என்று பார்த்தேன். ரைடர் வெய்ட் கட்டில் நைட் ஆஃப் பென்டக்கிள்ஸின் குதிரை மட்டும் அசையாமல் நிற்கும், கவனித்திருப்பீர்கள். எயிட் ஆஃப் சுவோர்ட்ஸில் கண்ணைக் கட்டிய பெண். டூ ஆஃப் கப்ஸ் இருப்பதால் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. முதல் அடி வைக்கத்தான் ஆள் இல்லை என்று வாசித்தேன்.

அவளிடம் சொன்னதும் சிரித்துவிட்டாள். "தினமும் சாப்பிட்டியான்னு கேப்பான் அக்கா. வீட்ல வந்து பேசுன்னா, அடுத்த மாசம்பான்."

என் குழப்பம் டெம்பரன்ஸில்தான். அது தனுசு, நெருப்பு ராசி. அதை வாண்ட்ஸுக்கு ஈடாக, மெதுவாக எரியும் நெருப்பாக எடுக்கலாமா? இல்லை, இந்த நான்கு வகையிலும் சேராத மேஜர் சீட்டைத் தனியாக வைத்துவிட்டு மீதியை மட்டும் எண்ணுவீர்களா? அப்புறம், தெளிவுக்கு இன்னொரு சீட்டு எடுப்பது சரியா? வாண்ட்ஸ் வரும்வரை எடுத்துக்கொண்டே இருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.