உதகை விடுதி பில்: இரண்டு இரவுக்கும் 18 சதவீத வரி சரியா?

பதிவிட்டவர்:
2025 டிசம்பரில் உதகையில் இரண்டு இரவுகள் தங்கினோம். முன்பதிவுச் சீட்டில் வெள்ளி இரவுக்கு 7,200 ரூபாய், சனி இரவுக்கு 8,400 ரூபாய், வரி தனி என்று இருந்தது. அறையைக் காலி செய்தபோது கொடுத்த பில்லில் மொத்தம் 15,600 ரூபாய்க்கும் 18 சதவீதம் கணக்கிட்டு 2,808 ரூபாய் ஜிஎஸ்டி சேர்த்திருந்தார்கள். செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம்தானே என்று கேட்டதற்கு, "சராசரி 7,800 வருகிறது, சார்" என்று வரவேற்பு மேசையில் பதில் சொன்னார்கள்.

கோவை உறுப்பினர்:
ஒவ்வோர் இரவையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அந்த வகையில் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் சனிக்கிழமைக்கும் 7,500 ரூபாய் வரை 5 சதவீதமும், மீதி 900 ரூபாய்க்கு மட்டும் 18 சதவீதமும் ஆக 537 ரூபாய்தான் வரும் என்பது என் கணக்கு.

விடுதிக் கணக்குப் பிரிவில் பணியாற்றியவர்:
முதல் பாதி சரி, ஐயா. இரண்டாம் பாதி வருமான வரிக் கணக்கு. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டிவிட்டால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம்தான். அதனால்தான் 7,500 ரூபாய் அறை வரியோடு 7,875 ரூபாயாகவும், 7,501 ரூபாய் அறை 8,851 ரூபாய்க்குச் சற்று மேலாகவும் முடிகிறது. உங்கள் பில்லில் வெள்ளிக்கு 360, சனிக்கு 1,512, ஆக 1,872 ரூபாய் வர வேண்டும். 936 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். மொத்தத் தொகையை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்து மென்பொருளில் ஏற்றும்போது இந்தத் தவறு நேர்வதுண்டு. பில்லில் இரண்டு இரவுகளுக்கும் வாடகை 7,800 என்றே இருக்கிறதா என்று பாருங்கள்.

திருச்சி உறுப்பினர்:
எனக்கு அறைக்கு 5 சதவீதமும், அதே விடுதியில் இரவு உணவுக்கு 18 சதவீதமும் போட்டார்கள். இதுவும் இப்படிப்பட்ட தவறா?

விடுதிக் கணக்குப் பிரிவில் பணியாற்றியவர்:
அது வேறு கதை. முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை 7,500 ரூபாய்க்கு மேல் விட்டிருந்தால், அந்த விடுதி உணவகத்துக்கு 18 சதவீதம் பொருந்தும். நீங்கள் தங்கிய அறையின் வாடகை அதைத் தீர்மானிப்பதில்லை.

பதிவிட்டவர்:
நீங்கள் சொன்னபடியே இரண்டு இரவுகளுக்கும் 7,800 என்றுதான் இருந்தது. முன்பதிவுச் சீட்டை இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன்; நான்காம் நாள் திருத்திய பில்லும் 936 ரூபாயும் வந்து சேர்ந்தன. இன்னொன்று: வெள்ளி இரவுக்கு 800 ரூபாயில் கூடுதல் படுக்கை கேட்டிருந்தால் 8,000 ஆகி, 18 சதவீதத்துக்குப் போயிருக்குமா?

கோவை உறுப்பினர்:
கூடுதல் படுக்கையால் அறையின் வரி விகிதம் மாறாது என்று 2018 தொடக்கத்தில் விளக்கம் வந்ததாக நினைவு.

விடுதிக் கணக்குப் பிரிவில் பணியாற்றியவர்:
அந்த விளக்கம், அறிவித்த வாடகையை வைத்து விகிதம் முடிவான காலத்தது. 2018 ஜூலை இறுதியிலிருந்து உண்மையில் வாங்கும் தொகைதான் அளவுகோல். ஆகவே நான் படுக்கையையும் சேர்த்தே கணக்கிட்டு வந்தேன்; படுக்கையைத் தனி உருப்படியாகக் காட்டி 5 சதவீதம் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.